விபத்து அறிக்கை எழுதும் முறை: கண்டதும் கருதியதும்

நிகழ்ச்சி நடந்தபொழுது அங்கே இல்லாத ஒருவர், நடந்தது யாது என்பதை அறிந்து, மேற்கொண்டு செய்யவேண்டியதை முடிவு செய்வதற்கு உதவும் ஆவணமே விபத்து அறிக்கையாகும். அதனை எழுதுபவர் பெரும்பாலும் ஆய்வுக்கூடப் பொறுப்பாசிரியராகவோ, பண்ணை மேற்பார்வையாளராகவோ, கள உதவியாளராகவோ இருப்பார். விபத்து நேர்ந்த அன்று மாலை, உள்ளம் கலங்கியிருக்கும் வேளையில், அவர் எழுத உட்காருகிறார். அவருடைய மனத்தில் அப்பொழுதே ஒரு முடிவு உருவாகியிருக்கும்: 'இன்னாரால் வந்த வினை இது.' அம்முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் அறிக்கையின் முதல் வாக்கியத்திலேயே அது இடம்பெற்றுவிட்டால், பின்வரும் செய்திகளெல்லாம் அதற்கு ஏற்பவே பொறுக்கி எடுக்கப்படும். பொருந்தாதவை எழுதப்படாமலே போகும். இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட குறை.

வானூர்தித் துறையில் இக்குறை நெடுநாட்களுக்கு முன்பே உணரப்பட்டது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு 1951இல் முதன்முதலாக ஏற்கப்பட்டது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் பின்னர் விபத்து நேராமல் தடுப்பதே. பழியையோ பொறுப்பையோ ஒருவர்மேல் சுமத்துவது அதன் வேலையன்று என்று அவ்விணைப்பு கூறுகிறது. பழி சுமத்துவதற்கு வேறு மன்றங்கள் உள்ளன. ஒழுங்கு நடவடிக்கையும் சட்டப்படி அனுப்பவேண்டிய அறிவிப்புகளும் தனித்தனி வழிகளில் நடைபெறும். அறிக்கையாளர் இவ்விரண்டையும் கலக்காதிருத்தல் வேண்டும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயனுடையது. கீழ்க்காணும் நிகழ்ச்சி எடுத்துக்காட்டுக்காக அமைக்கப்பட்டது. எனினும், சாராய விளக்குகளைக் கையாளும் எந்த ஆய்வுக்கூடத்திலும் இதனையொத்தது நிகழக்கூடும்.

ஒரு பயிற்சி நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு பயிலுநர்கள், இருவருக்கு ஒரு விளக்காக, ஆறு சாராய விளக்குகளை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றனர். பிற்பகலில் ஒரு விளக்கில் சாராயம் தீர்ந்துவிடுகிறது. ஆய்வுக்கூட உதவியாளர் புட்டியைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். தீ எழுகிறது, ஒரு பயிலுநரின் கை வெந்துபோகிறது. பொறுப்பாசிரியர் அப்பொழுது அடுத்த அறையில் தராசின் அருகே இருக்கிறார். கூச்சல் கேட்டு ஓடிவருகிறார். அன்று மாலை அவர் எழுதிய அறிக்கை வருமாறு:

"இன்று பிற்பகல் ஆய்வுக்கூட உதவியாளரின் கவனக்குறைவால் சாராய விளக்கு வெடித்துப் பெருந்தீ ஏற்பட்டது. எரிந்துகொண்டிருந்த விளக்கிலேயே அவர் பொறுப்பின்றிச் சாராயத்தை ஊற்றிவிட்டார். ஒரு பயிலுநர் பதற்றத்தில் புட்டியைத் தட்டிவிட்டதால் தீ பரவியது. அவருக்குக் கடுங்காயம் ஏற்பட்டது. உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது. உதவியாளர் கண்டிப்பாக எச்சரிக்கப்பட்டுள்ளார்."

ஆறே வாக்கியங்கள்; படிப்பதற்குத் தெளிவாக உள்ளன. அலுவலகங்களில் இத்தகைய அறிக்கை மறுகேள்வியின்றி ஏற்கப்படுவதும் உண்டு. ஆனால், இதனை எழுதியவர் தம் கண்ணால் கண்டது இதில் எவ்வளவு என்று கேட்டுப் பார்ப்போம். ஊற்றியதை அவர் காணவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவர் காணவில்லை. புட்டி தட்டப்பட்டதையும் காணவில்லை. அவர் மெய்யாகவே கண்டவை, அதாவது மேசையின்மேல் கிடந்தவை, சாளரத்தின் நிலை, தீயின் அளவு ஆகியவற்றுள் ஒன்றுகூட அறிக்கையில் இல்லை.

'வெடித்து' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் உள்ளே வந்தபோது விளக்கின் கண்ணாடிக் கலம் மேசைமீது விரிசலின்றி நேராக நின்றுகொண்டிருந்தது. உடைந்திருந்தது புட்டி, அதுவும் தரையில். ஆகவே 'வெடித்தது' என்பது அவர் கண்ட பொருளோடு பொருந்தவில்லை. 'பெருந்தீ' என்பதும் அளவன்று. மேசைமேல் கரிந்த பகுதியை அளவுகோலால் அளந்தால் நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 40 சென்டிமீட்டர் என்று தெரியும். அளக்கக்கூடியதை அளந்து எழுதினால் அடைமொழி தேவைப்படாது.

அடுத்து, 'எரிந்துகொண்டிருந்த விளக்கிலேயே ஊற்றிவிட்டார்' என்ற வாக்கியம். இங்கே பொருளியல்பைச் சற்று நினைவுகூர வேண்டும். இவ்வகை விளக்கில் சாராயம் ஊற்றவேண்டுமாயின் திரியைத் தாங்கும் பீங்கான் மூடியைக் கழற்றியாக வேண்டும். அம்மூடி மேசையின்மேல் கலத்திற்கு வலப்புறம் கிடந்தது. அதனடியில் பாதி எரிந்த கைத்துணி ஒன்று இருந்தது. அப்படியாயின், 'எரியும் விளக்கில் ஊற்றினார்' என்பது நேரடியான பொருளில் நிகழ்ந்திருக்க முடியாது. திரி அணைந்துவிட்டதென்று கருதி, மூடியைத் துணியால் பிடித்துக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கலாம்; திரியில் எஞ்சியிருந்த சுடர் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்திருக்கலாம். சாராயச் சுடர் வெளிறிய நீலநிறமுடையது. நல்ல வெயிலில் அதனைக் காண்பது அரிது. அல்லது, அதே மேசையில் 45 சென்டிமீட்டர் தொலைவில் எரிந்துகொண்டிருந்த இரண்டாம் விளக்கு ஆவியைப் பற்றவைத்திருக்கலாம். தூய சாராயம் சுமார் 13 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடத் தொடங்குகிறது. நம் நாட்டுப் பிற்பகல் வெப்பத்தைச் சொல்லவேண்டியதில்லை. அவ்வாவி காற்றைவிடக் கனமானது. மேசையின் பரப்பை ஒட்டிப் படரும். சுடர் அதன்வழியே பின்னோக்கி ஓடிப் புட்டியின் வாயை அடைதலும் கூடும்.

இவ்விரண்டில் எது நடந்தது? அறிக்கையாளர் அதனை முடிவு செய்யவேண்டியதில்லை. முடிவு செய்ய அவரிடம் போதிய சான்றும் இல்லை. மூடி கிடந்த இடம், துணியின் நிலை, இரண்டாம் விளக்கின் தொலைவு, மேசைமேல் வெயில் விழுந்தது ஆகிய நான்கையும் எழுதிவிட்டால், ஆராய்பவர் இரு வாய்ப்புகளையும் தாமே காண்பார். முதல் அறிக்கையோ இரண்டாம் விளக்கு ஒன்று இருந்ததென்பதையே மறைத்துவிட்டது. உதவியாளர்மேல் குற்றம் உறுதிப்பட்ட பிறகு, பக்கத்து விளக்கை யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

இவ்விடத்தில் நம் மொழியைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும். தமிழ் வினைச்சொற்கள் நுட்பமானவை. நாம் அறியாமலே தீர்ப்பை ஏந்திவருவன. 'ஊற்றினார்' என்பது செய்தி. 'ஊற்றிவிட்டார்' என்னும்பொழுது, செய்திருக்கக் கூடாது என்ற குறிப்பும் பலவேளைகளில் உடன் வருகிறது. 'தட்டிவிட்டார்' என்பதும் அவ்வாறே. 'கண்ணாடி அணிந்திருக்கவில்லை' என்பது கண்டறியக்கூடிய செய்தி. 'அணியத் தவறினார்' என்பது, அணிய வேண்டுமென்ற கடமையும் அதில் அவர் வழுவினார் என்ற தீர்ப்பும் சேர்ந்தது. 'கவனிக்கவில்லை' என்பது பிறருடைய மனத்தைப் பற்றியது. அதனைக் காண எவராலும் இயலாது. அவரே சொன்னாலன்றி, அதுவும் 'கவனிக்கவில்லை என்று கூறினார்' என்ற வடிவிலன்றி, அதற்கு அறிக்கையில் இடமில்லை. காரணத்தைச் சுட்டும் 'ஆல்' உருபையும், 'எனவே', 'ஆகையால்' என்ற இணைப்புகளையும் எழுதும்போது பேனா ஒரு கணம் நிற்கட்டும். 'தட்டியதால் தீ பரவியது' என்பதில் இரண்டு நிகழ்ச்சிகளும் அவற்றிடையே ஒரு காரணத் தொடர்பும் உள்ளன. நிகழ்ச்சிகளுக்குச் சாட்சி இருக்கலாம். தொடர்புக்குப் பெரும்பாலும் இராது.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. பழி கூறலாகாது என்ற எண்ணத்தால் சிலர் செய்தவரையே வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுகின்றனர். 'புட்டி உடைந்தது', 'சாராயம் சிந்தியது', 'முதலுதவி அளிக்கப்பட்டது' என்று, பொருள்களெல்லாம் தாமே இயங்கியதுபோல் எழுதுகின்றனர். இரக்கம் காரணமாக இவ்வாறு எழுதினாலும் இது உண்மையை மறைப்பதேயாகும். புட்டி யார் கையில் இருந்தது என்பது பழியன்று, தேவையான செய்தி. யார், எதை, எந்தக் கையால், எங்கே நின்று செய்தார் என்று கூசாமல் எழுதலாம். எண்ணத்தையும் குணத்தையும் பற்றி மட்டுமே எழுதலாகாது. ஆட்களைப் பதவியாலோ குறியெழுத்தாலோ சுட்டி, பெயர்ப் பட்டியலைத் தனித்தாளில் இணைப்பது நல்லது.

பிறரிடம் கேட்டறிந்து எழுதும் பகுதியே மிகவும் இடர்ப்பாடானது. அமெரிக்க உளவியலறிஞர்களான எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. 150 மாணவர்களுக்கு மோட்டார் வாகன விபத்துக் காட்சி ஒன்றைத் திரைப்படமாகக் காட்டினர். பின்னர் ஐம்பது பேரிடம், வண்டிகள் மோதி நொறுங்கியபோது எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்டனர்; வேறு ஐம்பது பேரிடம், வண்டிகள் இடித்துக்கொண்டபோது எவ்வளவு வேகம் என்று கேட்டனர்; எஞ்சிய ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று எல்லாரையும் வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் கண்டதாகக் கூறினர். 'இடித்துக்கொண்ட' என்று கேட்டவர்களில் 7 பேரும், கேள்வி கேட்கப்படாதவர்களில் 6 பேரும் அவ்வாறு கூறினர். வினவியவரின் ஒரு வினைச்சொல் கண்டவரின் நினைவுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

ஆகவே, 'எரிகிற விளக்கில் அவர் ஊற்றியதைப் பார்த்தீர்களா?' என்று ஆசிரியர் கேட்டால், அவர் பெறும் விடை அவர் தந்ததாகவே இருக்கும். 'நீங்கள் எங்கே நின்றீர்கள்? அங்கிருந்து கண்டதை முதலிலிருந்து சொல்லுங்கள்' என்று கேட்டு, இடைமறிக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பது இன்றியமையாதது. பலரை ஒருங்கே நிறுத்தினால், உரத்த குரலுடையவரின் கதையே எல்லாருடைய கதையுமாகிவிடும். மாணவர்களிடையே இது விரைவாக நிகழ்வதை ஆசிரியர்கள் அறிவார்கள். கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அவற்றைச் சமரசம் செய்ய முயலாமல் முரண்பட்டவாறே பதியவேண்டும்.

இனி, மேற்கண்ட நிகழ்ச்சியை இம்முறையில் எழுதினால் எவ்வாறு அமையும் என்று பார்ப்போம்.

"நான் கண்டவை. பிற்பகல் 2.46 மணிக்கு (என் கைக்கடிகாரப்படி, ஆய்வுக்கூடச் சுவர்க் கடிகாரம் 2.50 காட்டியது) தராசு அறையில் இருந்தபோது கூச்சல் கேட்டு ஆய்வுக்கூடத்திற்கு வந்தேன். 3ஆம் மேசையின் மேற்பரப்பில் சாளரத்தை ஒட்டிய பாதியில் தீ எரிந்துகொண்டிருந்தது. பயிலுநர் ஆ மணல் வாளியிலிருந்து மணலைத் தீயின்மேல் கொட்டினார், தீ அணைந்தது. கதவருகே உள்ள தீயணைப்புக் கருவி பயன்படுத்தப்படவில்லை. பயிலுநர் அ இடக்கையைப் பிடித்துக்கொண்டு நீர்த்தொட்டியருகே நின்றார். முன்கையில் சுமார் 6 சென்டிமீட்டர் நீளத்திற்குத் தோல் சிவந்திருந்தது. நான் குழாயைத் திறந்து அவருடைய கையை ஓடும் நீரில் 2.48 முதல் 3.08 வரை வைத்திருக்கச் செய்தேன். 3.15க்கு அவர் நிலையத்தின் வண்டியில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். வண்டியை நான் வரவழைத்தேன்.

"3.20க்கு, எதையும் நகர்த்துமுன், மேசையைப் பார்வையிட்டேன். மேசைமேல் இரண்டு சாராய விளக்குகள் இருந்தன. இடைவெளி 45 சென்டிமீட்டர். சாளரத்தை ஒட்டிய விளக்கின் கலம் உடையாமல் நேராக நின்றது. திரிமூடி கழற்றப்பட்டு அதன் வலப்புறம் கிடந்தது. மூடியின் கீழ் பாதி எரிந்த துணி இருந்தது. இரண்டாம் விளக்கில் திரிமூடி பொருத்தப்பட்டிருந்தது. நான் பார்த்தபோது அது எரியவில்லை. அதனை அணைத்தது யார், எப்பொழுது என்பது தெரியவில்லை. 500 மில்லிலிட்டர் அளவுடைய கண்ணாடிப் புட்டி மேசையின் கிழக்கே தரையில் உடைந்து கிடந்தது. மேற்குச் சாளரம் திறந்திருந்தது. வெயில் மேசைமேல் விழுந்தது. கரிந்த பகுதி 60க்கு 40 சென்டிமீட்டர். அறையில் உள்ள ஆறு விளக்குகளுக்கு நான்கு அணைப்பு மூடிகளே இருந்தன. 3ஆம் மேசையில் ஒன்றும் இல்லை. இடங்களைக் காட்டும் வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது.

"நான் கேட்டறிந்தவை. உதவியாளர் (3.40, தனியாக): 'விளக்கில் சுடர் தெரியவில்லை. துணியால் மூடியைக் கழற்றிவிட்டு ஊற்றத் தொடங்கினேன். புட்டியின் வாயில் தீ தெரிந்தது. புட்டியைக் கைவிட்டேன்.' புட்டியில் ஏறத்தாழப் பாதி அளவு சாராயம் இருந்ததாகக் கூறினார். பயிலுநர் ஆ (3.55, தனியாக, எதிர்ப்புறம் நின்றவர்): 'பயிலுநர் அ பின்னால் நகர்ந்தபோது அவர் முழங்கை புட்டியில் பட்டது.' பயிலுநர் அ, மருத்துவமனைக்குப் புறப்படுமுன், புட்டியின் வாயில் தீயைக் கண்டதாக மட்டும் கூறினார். வேறெதுவும் அவரிடம் கேட்கவில்லை.

"தெரியாதவை. திரியில் சுடர் இருந்ததா என்பது. இரண்டாம் விளக்கு அப்பொழுது எரிந்ததா என்பது. புட்டி கைவிடப்பட்டதா, தட்டப்பட்டதா என்பது. இரண்டு அணைப்பு மூடிகள் எப்பொழுதிலிருந்து இல்லை என்பது."

இவ்வறிக்கை முன்னதைவிட நீண்டது. இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். ஆனால் முன்னதில் காணப்படாத ஒரு செய்தி இதில் வெளிப்பட்டிருக்கிறது: அணைப்பு மூடி இல்லாத மேசை. சுடரைக் காண இயலாத வெயிலிலும், மூடி கவிழ்த்திருந்தால் விளக்கு அணைந்தது உறுதி. மூடி இல்லாவிடில் கண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கவனக்குறைவுள்ள உதவியாளர் ஒருவர் கிடைத்துவிட்டதனால், முதல் அறிக்கையாளர் மூடிகளை எண்ணவில்லை. அவ்வறிக்கையைப் படித்த அதிகாரி உதவியாளரை மாற்றியிருப்பார். அடுத்து வருபவரும் அதே மேசையில், அதே வெயிலில், மூடியில்லாத விளக்கின்முன் நின்றிருப்பார். இரண்டாம் அறிக்கையைப் படிப்பவரோ, சுடர் எதுவென்ற வினாவுக்கு விடை காணாமலே, மூடிகளை வாங்கித்தரவும், சுடரில்லாத வேறு அறையில் வைத்து விளக்கை நிரப்பும்படி ஏற்பாடு செய்யவும் இயலும். அவ்வேற்பாடுகளைப் பரிந்துரைக்க அறிக்கையாளர் விரும்பினால், தனித்தாளில், தம் கருத்தென்று குறிப்பிட்டு எழுதலாம்.

'தெரியாதவை' என்ற பகுதியை எழுதப் பலர் தயங்குகின்றனர். அது தம் விசாரணையின் குறைபாடாகத் தோன்றுமோ என்று அஞ்சுகின்றனர். என் கருத்தில் அறிக்கையை நம்பத்தக்கதாக்குவது அப்பகுதியே. எல்லாம் தெரிந்ததாகக் கூறும் அறிக்கையைக் கண்டால், பழகிய ஆய்வாளர் முதலில் ஐயுறுவார்.

எழுதி முடித்தபின் புதிய செய்தி வருவதும் இயல்பு. இரண்டு நாட்கள் கழித்துப் பயிலுநர் அ மருத்துவமனையிலிருந்து திரும்பி, தம் முழங்கை எதிலும் படவில்லை என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன் எழுதியதை அழித்தோ, தாளைக் கிழித்தோ, வேறாக எழுதியோ சரிசெய்தல் கூடாது. பழைய கூற்று அவ்வாறே நிற்க, அதன்கீழ் அன்றைய தேதியிட்டு, யார், எப்பொழுது, எந்தச் சூழலில் கூறினார் என்று சேர்த்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுத்துப் பிழையாயினும், படிக்கக்கூடியவாறு ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பமிடுவதே முறை. பயிலுநர் ஆவின் கூற்றும் பயிலுநர் அவின் கூற்றும் இப்பொழுது எதிரெதிராக நிற்கும். அவை அவ்வாறே நிற்கட்டும். உடைந்த புட்டியின் துண்டுகள் கிடந்த இடம் வரைபடத்தில் உள்ளது.